ரேணுகாம்பாள் திருப்பிக் கொடுத்த பணம்

11.6.2024 – ரூ. 4,899
11.6.2024 – ரூ. 48,990
11.6.2024 – ரூ. 44,091
12.6.2024 – ரூ. 38,600

பிள்ளையார்பாளையத்தில் என் எதிர் வீட்டுக்காரர் ரேணுகாம்பாள். கணவர் உமாபதி தறியில் உட்காருவார். ரேணுகாம்பாள் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுவார். அந்தக் கம்ப்யூட்டர் பழசாகி அடிக்கடி நின்றுவிடும். புதியது வாங்க, சேமிப்புக் கணக்கில் ஐம்பத்தோராயிரம் சேர்த்திருந்தார்.

ஜூன் 11 அன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரூ. 4,899 இன்று எடுத்துக்கொள்ளப்படும், வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று இருந்தது. டிசைன் மென்பொருள் போட்டவர் அப்படி ஏதோ ஒன்றையும் சேர்த்துப் போட்டிருந்ததால் ரேணுகாம்பாள் அதை நம்பி அழைத்தார்.

எதிர்முனைக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதன் மூலம் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போனது. பணம் வருவதைப் பார்க்க வங்கிக் கணக்கையும் திறந்து வைக்கச் சொன்னான். அவன் திரையில் காட்டிய பணம் திரும்பப் பெறும் படிவத்தில் அவர் 4899 என்று அடித்தார்; திரையில் 48990 என்று விழுந்தது. பிறகு திரை சற்று நேரம் கறுத்தது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது டிசைன் தொழிலுக்காக அவர் வைத்திருந்த நடப்புக் கணக்கில் ரூ. 48,990 கூடியிருந்தது.

"மேடம், ஒரு பூஜ்யம் கூட போட்டுட்டீங்க. என் வேலை போயிடும் மேடம்!"

எங்கள் ஊரில் சேலையை முடித்துக் கொடுக்கும்போது மிச்சப் பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டு முதலாளியிடம் திருப்பித் தருவது வழக்கம். அடுத்தவர் பொருள் ஒரு நொடி கூடத் தங்கக் கூடாது என்று வளர்ந்தவர் ரேணுகாம்பாள். தனக்குச் சேரவேண்டிய ரூ. 4,899 போக, அவன் சொன்ன கணக்குக்கு ரூ. 44,091 அனுப்பினார். ஓடிபியையும் அவரே அடித்தார்.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு கணவரிடம் சொன்னார்.

"அவன் போட்டான்னா யார் பேர்ல வந்துச்சுன்னு காட்டும்லமா? பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? கூட வந்துச்சு, குடுத்துட்டேன்."

"நீதாம்மா மகராசி. சும்மா திறந்து பாரு."

பார்த்தார். அனுப்பியவர் பெயர்: ரேணுகாம்பாள். சேமிப்புக் கணக்கில் மிச்சமிருந்தது சில்லறைதான். அவருடைய பணத்தையே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டியிருக்கிறான்.

"ஐயோ, எங்கிட்டருந்தே எடுத்து எனக்கே குடுத்தானா!"

உமாபதி இணைய வயரைப் பிடுங்கினார். ரேணுகாம்பாள் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்தார். வங்கியிலும் சொல்லித் தன் கணக்குகளின் இணைய வங்கி வசதியை முடக்கினார். இணையப் புகாரை என் செல்பேசியிலிருந்து நான் பதிந்தேன். அவன் அதற்குள் ரூ. 5,491 எடுத்துவிட்டான். மீதி ரூ. 38,600 அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது என்று மறுநாள் தகவல் வந்தது.

முடக்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் நீதிமன்ற உத்தரவுக்குப் பல மாதம் ஆனது. உமாபதி கேலியை விடவில்லை. "யாராவது ஜரிகை கூட குடுத்தா இப்பவும் திருப்பித் தருவியா?"

"தருவேன்பா. ஆனா யார் ஜரிகைன்னு முதல்ல பாப்பேன்."

ரூ. 38,600 அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற வங்கியின் கடைசிக் கடிதம் வந்தது 17.2.2025, திங்கட்கிழமை.