ஷட்டர் பாதி இறங்கிய பிறகு

கெலுகோரில் இருக்கும் எங்கள் அலுவலகம் மளிகைக் கடைகளுக்கான கணக்குச் செயலியைத் தயாரிக்கிறது. அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒரு கடைக்கார அக்காவைக் கற்பனை செய்துகொண்டு, அவர் காலையில் கடை திறப்பதிலிருந்து மாலையில் கணக்கை முடிப்பது வரை செயலியில் என்னவெல்லாம் செய்வாரோ அத்தனையையும் நானே செய்து பார்ப்பேன்.

ஒருநாள் அந்த அக்காவின் கதையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். அவர் கணக்கை முடித்த பிறகு இன்னொருவர் பொருள் வாங்க வருகிறார். அந்த விற்பனை மறுநாள் கணக்குக்குப் போக வேண்டும். செயலியோ முடித்துவிட்ட கணக்கிலேயே அதைச் சேர்த்து மொத்தத்தை மாற்றிவிட்டது.

நிரல் எழுதிய தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "கடைய அடைக்கிற நேரத்துல யாரு வருவாக்கா? நீங்க வேணும்னே வம்பு பண்றீங்க லா," என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இருந்தாலும் மாலையில் அவனோடு டீ குடிக்கப் போனேன்.

திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவன் சட்டென்று குனிந்து உள்ளே தலையை நீட்டினான். "அக்கா, ஒரு ரொட்டி மட்டும்."

"கணக்கு முடிச்சாச்சு தம்பி," என்று முனகிக்கொண்டே கடைக்கார அக்கா எடுத்துக் கொடுத்தார்.

ரொட்டியோடு நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்த்தான். "நாளைக்குச் சரி பண்ணிடுறேன்க்கா," என்றான்.

மறுநாள் என் சோதனைக் கதையில் வரும் அந்தக் கடைசி வாடிக்கையாளரின் வயது, வேலை, பழக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். இவரை மட்டும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.