பூசி அடைத்த துளைகள்

துரைப்பாண்டிக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கிவிடும். குருவிகுளத்து டீசல் பம்புகளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. கரண்டு போனால் ஆபரேஷன் தியேட்டருக்கு அவர்தான் வெளிச்சம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், கிழக்கேயிருந்து வீசும் கொண்டல் காற்று மழையைக் கிடையாக அடித்தது. கிழக்குச் சுவரில் காற்றுக்காகச் சரிவாகப் பதித்திருந்த தகடுகளின் மேல் மழை ஏறி உள்ளே வந்து சுவிட்சுப் பெட்டியை நனைத்தது. கொத்தனார் சங்கரசுப்பு ஒரு தகரத்தை வைத்து அடித்து அந்தத் திறப்பையே மூடிவிட்டார்.

மறுநாள் துரைப்பாண்டி ஓட்டிப் பார்த்தார். இருபதே நிமிடத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. இஞ்சினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார்.

"மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுன்னா எந்த இஞ்சின் ஓடும் சார்?"

"தகரத்த எடுத்துட்டா, நாலடிக்கு நாலடி திறப்பு காணாதோ?" என்றார் சங்கரசுப்பு.

"தகடு அடைச்சது போகப் பாதிதான் வே காத்துக்கு வழி. மழைய மடக்குத தகடு போட்டா இன்னும் குறையும். சுவர உடைச்சு திறப்ப ரெண்டு மடங்காக்கணும்."

டாக்டர் சம்மதித்தார். வெல்டர் பீர் மைதீன் ஒவ்வொரு தகட்டையும் இரண்டு இடத்தில் மடித்து, மடிப்பில் சிறு உதடு வைத்தார். காற்று வளைந்து உள்ளே போகும். மழைத்துளி மடிப்பில் மோதி, உதட்டில் சிக்கி, பக்கக் குழாயில் இறங்கும். அடியில் வெளிப்பக்கம் சாய்ந்த தகரத் தொட்டி. சுவருக்கு வெளியே தெரியும் அதன் முகப்பில் தண்ணீர் வெளியேற மூன்று துளைகள். சுவர்ப் பூச்சு வேலை சங்கரசுப்புவுக்கு.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் இளையரசனேந்தல் ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஆபரேஷனுக்காக வயிற்றைத் திறந்திருந்தார்கள். வெளியே கொட்டும் மழை. கரண்டு போனது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, சூட்டு முள் அசையவில்லை. தகடுகள் வழியே ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் அடித்தொட்டி நிரம்பி, உள்ளே வழிந்து, கேபிள் பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடியது.

துரைப்பாண்டி உளியோடு வெளியே ஓடினார். சுவர் வழுவழுவென்றிருந்தது. மூன்று துளைகளையும் சிமெண்டால் பூசி மறைத்திருந்தார்கள். நனைந்துகொண்டே தடவித் தடவி ஒன்றைக் கண்டுபிடித்து உடைத்தார். தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. உள்ளே வழிந்தது பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நர்ஸ் வள்ளித்தாய் வாசலில் வந்து கத்தினாள். "அண்ணாச்சி, இன்னும் தையல் போடல! லைட்டு நிக்குமா?"

"நிக்கும். போ தாயி."

மருந்துக்கடை இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார் சங்கரசுப்பு. துரைப்பாண்டி அவரிடம் போனார்.

"எலி போகும்னு பூசினேன் வே. பாக்கவும் அசிங்கமா இருந்திச்சு."

"அடியில ஓட்டை எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டீரா வே?" குரல் அடித்தொண்டைக்குப் போயிருந்தது. "அங்கன ஒருத்தி வயித்தத் திறந்து போட்டிருக்கு. உமக்கு அழகு வேணுமாக்கும்."

"மழை விடட்டும், நானே..."

துரைப்பாண்டி உளியை அவர் கையில் திணித்தார்.

"மிச்சம் ரெண்டு இருக்கு. இப்பமே போய் உடையும்."

சங்கரசுப்பு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.