ஏ வகுப்பில் ஏறிய ஆணி

என் மாமனாரின் இரும்புக் கடையில் சாமானைப் பூட்டிவைத்த இடம் ஒன்றே ஒன்றுதான், கண்ணாடி அலுமாரி. உள்ளே சீமையிலிருந்து வந்த பித்தளைப் பூட்டுகள் வரிசையாகக் கிடக்கும். காலையில் கடை திறந்ததும் மாமா பிஸ்மி சொல்லி, இடுப்புப் பட்டியிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு பூட்டையும் துணியால் துடைத்து, மறுபடி பூட்டிவிடுவார். கல்முனைப் பெரிய தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வாங்கியவர்கள் வருடத்துக்கு இரண்டு பேர். கூரைத் தகரம் வாசலோரம் சாய்ந்து நிற்கும். ஆணிப் பீப்பாக்கள் மூடியில்லாமல் நடைபாதைக்கே வந்துவிடும். பூட்டுகளைக் காவல் காத்த கடை மற்றதையெல்லாம் அல்லாஹ்விடம் விட்டிருந்தது.

நான் அந்த வீட்டுக்குச் சின்ன மருமகனாக வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னே கொழும்பில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் மூன்று வருடம் எழுத்து வேலை பார்த்தவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று இன்னொரு நினைப்பு. இரண்டையும் நான் மறைத்ததில்லை.

அந்த வருடம் மாமா ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்தார். கப்பலில் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கடைத் திறப்பு யார் கையில்? மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டு மருமகன்மார். மூத்தவர் என் சகலன், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், பத்து வருடமாகக் கடையில் நிற்கிறவர். வருகிறவரிடம் சுகம் விசாரித்துவிட்டுத்தான் சாமானை எடுப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை நான் அப்போது ஒரு குறையாகவே எண்ணியிருந்தேன். திறப்பு எனக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

கடையில் இருப்பு எண்ணும் வழக்கம் கிடையாது. எண்ணினால் பரக்கத்து, அல்லாஹ் தரும் பெருக்கம், போய்விடும் என்பது மாமாவின் உறுதி. அவர் பார்வையாலேயே இருப்பு அறிவார். அந்தப் பார்வைக்குக் கீழே சீமெந்து மூட்டைகளில் அடிவரிசை கல்லாகி, நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நாவிதன்வெளிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் தகரம் தேடி வந்த வாரத்தில் கடையில் தகரம் இல்லை. அவர்கள் மட்டக்களப்புக்கு லொறி பிடித்தார்கள். அன்றைக்கு மாமா முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தது. இதுதான் சமயம் என்று நான் வாய் திறந்தேன்.

கொழும்பில் எங்கள் வெள்ளைக்காரக் களஞ்சியப் பொறுப்பாளர் புதிதாகக் கொண்டுவந்த ஒரு முறை இருந்தது. அதை மாமாவுக்கு விளக்கினேன். எல்லாச் சாமானையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு சாமானும் வருடத்துக்கு எவ்வளவு போகிறது, அதை வாங்கிய விலை என்ன, இரண்டையும் பெருக்கவேண்டும். பெருக்கி வந்த தொகையில் பெரியதை மேலே வைத்து இறங்குவரிசையாக எழுதவேண்டும். மேலே இருக்கும் சில சாமான்களே கடைப் பணத்தில் பெரும்பங்கைத் தின்றிருக்கும். அவை ஏ வகுப்பு. அவற்றை வாரந்தோறும் எண்ணி, அளவாக, அடிக்கடி எடுப்பிக்கவேண்டும். நடுவில் உள்ளவை பீ, மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடியில் கிடக்கும் நூற்றுக்கணக்கான சில்லறை எல்லாம் சீ. அவற்றில் தாராளமாக வாங்கிப் போட்டு, ஒரு பொதியைக் கட்டியபடி ஒதுக்கிவைத்தால், அந்தக் கட்டை அவிழ்க்கும் நாளில் அடுத்ததை எழுதி அனுப்பலாம். வருடத்துக்கு ஒருமுறை எண்ணினால் ஏராளம்.

மாமா நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, அப்படியென்றால் பெரும்பாலான சாமானை எண்ணத் தேவையில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப பரக்கத்து முக்கால்வாசி தப்பிவிடும் என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தார். களஞ்சிய சாத்திரத்துக்கு இப்படி ஒரு நியாயம் கிடைத்ததை அந்த வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

கம்பியில் குத்திக் கிடந்த ஒரு வருடத்துக் கொள்வனவுச் சிட்டைகளை இறக்கி, இரண்டு வாரம் பெருக்கினேன். சீமெந்து, தகரம், முள்ளுக்கம்பி, மண்வெட்டி எல்லாம் எதிர்பார்த்தபடியே மேலே ஏறின. அவற்றோடு கூரை ஆணியும் ஏறியது! ஒரு ஆணி என்ன விலை? ஒன்றுமில்லை. ஆனால் ஊரே கூரை போட்ட காலம் அது. அந்தர் அந்தராக, நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் கணக்கில், வந்து அந்தர் அந்தராகப் போயிருந்தது. பித்தளைப் பூட்டோ, ஒன்றின் விலை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் போவது இரண்டு என்பதால், சீ வகுப்பில் கதவுக் கொக்கிக்கும் கீழே போய் விழுந்தது.

மாமா அந்தத் தாளைத் தூரப் பிடித்து வாசித்தார். பூட்டு இருந்த இடத்தைக் கண்டதும் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டார். அன்று அலுமாரியை இரண்டு தரம் துடைத்தார்.

ஏ வகுப்புக்கு மட்டும் ஒரு சின்னக் கொப்பி போட்டேன். அதில் உள்ளது எது விற்றாலும் விற்றவர் எழுதவேண்டும். வியாழன்தோறும் பழைய இருப்போடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மிச்சம் நேரில் இருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் வியாழன் சீமெந்து சரி, தகரம் சரி, முள்ளுக்கம்பி சரி. கூரை ஆணியைத் தராசில் போட்டால் பதினொரு இறாத்தல் குறைந்தது. அடுத்த வியாழன் பத்து. மூன்றாம் வியாழன் பன்னிரண்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கவலை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. முறை வேலை செய்கிறது, கள்ளன் அகப்படப் போகிறான். ஆணிப் பீப்பாவின் பக்கம் நிற்பவர் யார்? சகலன். தன் வீட்டுக் குசினிக்குப் புதிதாகத் தகரம் அடித்துக்கொண்டிருந்தவர் யார்? அவரேதான். இதற்கு மேல் ஒரு களஞ்சிய எழுத்தனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மாமா வீட்டில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி மாமாவும் சகலனும் நானும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா ஆணிக் குறைவைப் பற்றிக் கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்:

“காக்காட குசினிக் கூரைய ஒருக்காப் பார்த்தாத் தெரியும், மாமா.”

சகலன் கையில் எடுத்த கவளத்தை அப்படியே சகனில் வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். செருப்புச் சத்தம் வாசல் படலை வரைக்கும் கேட்டது. ஒரே சகனில் கை வைத்து உண்டவர் அரைச் சாப்பாட்டில் எழுந்து போவதென்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உள்ளே என் மனைவி கறிச்சட்டியை ‘ணங்’ என்று இறக்கினாள்.

மாமா மட்டும் சாப்பாட்டை முடித்தார். பிறகு கேட்டார்:

“கண்டீங்களா, மருமகன்?”

“காணல்ல.”

“அப்ப காணுங்க.”

சனிக்கிழமை காலை ஆணிப் பீப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். சகலன் கடைக்கு வரவில்லை. கள்ளன் வராத நாளில் காவல் இருப்பது முட்டாள்தனம் என்று தெரிந்தும் வீம்புக்கு இருந்தேன். நாவிதன்வெளி ஆள் ஒருவர் வந்து பத்துத் தகரமும் இரண்டு இறாத்தல் ஆணியும் வாங்கினார். மாமா சிட்டை எழுதினார். கொப்பியிலும் ஒழுங்காக எழுதினார். பிறகு மேசையிலிருந்து எழும்பி வந்து, என் முழங்காலுக்கு மேலாகக் கையை நீட்டி, பீப்பாவில் விட்டு, ஒரு பிடி ஆணியை அள்ளி அந்த ஆளின் சால்வையில் போட்டார்.

“இது பரக்கத்துக்கு,” என்றார்.

அதை நான் ஒரு வருடமாகப் பார்த்து வந்தேன். கலியாணம் முடிந்து கடைக்குப் போன முதல் நாளே பார்த்தேன். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி. சலாம் சொல்வதைப் போல அதுவும் ஒரு மரியாதை என்றே நினைத்தேனே தவிர, அந்தக் கைக்குள் சரக்கு இருக்கிறது என்று என் புத்திக்கு எட்டவில்லை. மாமா தொழுகைக்குப் போன நேரம் நானே ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டேன். கால் இறாத்தல். அவருடைய கை என்னுடையதைவிடப் பெரிது. புதன் மாலைக்குள் நாற்பத்துமூன்று பிடி எண்ணினேன். பெருக்கத் தெரிந்தவன்தானே, பெருக்கினேன்.

அன்று மாலையே சகலன் வீட்டுக்குப் போனேன். அவர் ஏணியில் நின்று கடைசித் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். மாப்புக் கேட்டேன். அவர், கொப்பியில் பதினாலாம் பக்கத்தைப் பார்த்தீங்களா தம்பி என்று மட்டும் கேட்டார்.

கடைக்குத் திரும்பிப் பார்த்தேன். தன் பெயரைப் போட்டு, எட்டு இறாத்தல் கூரை ஆணி, காசு கட்டியாச்சு என்று எழுதியிருந்தார். என் கொப்பி, நான் கோடு கீறிய பக்கம். மூன்று வியாழனும் நான் அடித்தொகையை மட்டும் கூட்டினேன், பெயரை வாசிக்கவில்லை.

மாமாவிடம் குறைவு எங்கே போகிறது என்று சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அது குடுக்கிறது, மருமகன். குறையிறதில்ல.”

நிறுத்தும்படி கேட்கத் துணிவில்லை. கிழமைக்குப் பதினொரு இறாத்தல் கொடை என்று கொப்பியில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த வியாழன் ஆணியும் சரிவந்தது.

மாமா பயணம் புறப்பட்ட காலை கடையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இடுப்புப் பட்டியை அவிழ்த்தார். நான் அரையடி முன்னே நகர்ந்தேன். ஏ வகுப்பு என்றால் என்ன என்று திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். கவனம் கூட வேண்டியது, அடிக்கடி பார்க்க வேண்டியது என்றேன். சீ? பெரிதாய்க் கவனம் தேவையில்லாதது, போனாலும் கடை தாங்கும் என்றேன். தலையாட்டினார். கடைத் திறப்பையும் காசுப் பெட்டித் திறப்பையும் சகலன் கையில் வைத்தார். என் கையில் கண்ணாடி அலுமாரித் திறப்பை வைத்தார்.

“இது உங்களுக்கு. காக்கா உங்களையும் கிழமைக்கு ஒருக்காப் பார்த்துக்கொள்வார்.”

மாமா திரும்பி வரும் வரைக்கும் தினமும் காலையில் பூட்டுகளைத் துடைத்தேன். சகலன் வியாழன் தவறாமல் என் பட்டியலை வைத்து ஏ வகுப்பை எண்ணினார், என்னைவிடத் திருத்தமாக. எண்ணி முடித்ததும் அலுமாரிப் பக்கம் வந்து சுகம் விசாரிப்பார். அத்தனை மாதத்தில் நான் ஒரு பூட்டு விற்றேன். வாங்கியவருக்கு ஒரு பிடி ஆணி அள்ளிக் கொடுக்கலாமா என்று சகலனிடம் கேட்டேன். குடுங்க தம்பி, ஆனா எழுதுங்க என்றார்.