மூன்றும் ஒன்றும்

மாத்தளையில் ஓடும் நடமாடும் கிளினிக் வேனைப் பற்றி வருடாவருடம் மக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. ஐந்து என்றால் முழுத் திருப்தி.

முன்பு சராசரியை எழுதினோம். ஒருமுறை உக்குவளையில் பாதிப் பேர் ஐந்து போட்டார்கள், பாதிப் பேர் ஒன்று. சராசரி மூன்று வந்தது. "மூணு போட்ட ஆள் ஒருத்தராவது இருக்காங்களா?" என்று மேலதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். அதன்பின் நாலும் ஐந்தும் போட்டவர்களின் பங்கை மட்டும் சொன்னோம்.

என் சித்தி இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், மலைமேல் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில், வீடு தேடி வந்தவர்களிடம் குறை சொல்ல மாட்டார்கள். வேன் ஒழுங்காக வராதபோதும் மூன்று போடுவார்கள். போன வருடம் வேன் மேலே ஏறுவதே நின்றது. இந்த வருடம் சித்தி ஒன்று போட்டார். லயமே ஒன்று போட்டது.

திருப்தியானவர்களின் பங்கு அப்படியே இருந்தது. அந்தக் கணக்குக்கு மூன்றும் ஒன்றும் ஒன்றுதான். சராசரி சரிந்ததைக் காட்டி, பங்கு, சராசரி இரண்டையும் போடுங்கள் என்று கத்தினேன். "பழையபடி குழப்பாதீங்க" என்றார் மேலதிகாரி. அறிக்கை 'மாற்றமில்லை' என்றே போனது.

சித்தி எனக்குப் போன் எடுத்தார். "மனசே இல்லாமத்தான் ஒண்ணு போட்டோம். கிளினிக் ஆளுங்க கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல சித்தி," என்றேன். "யாரும் கோவிச்சுக்கல."