இருபத்துநாலு வயது நெற்றி

தோல் டாக்டரிடம் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் சிஸ்டருக்கு வாய் நீளம், கை சுத்தம். டாக்டரே அப்படித்தான் சொல்வார். முகச் சுருக்கத்துக்குப் போடும், பொடியாக வரும் போடாக்ஸ் மருந்தில் உப்புத் தண்ணீரை நுரை கிளம்பாமல் விடுவது, நெற்றியில் ஊசிக்குப் புள்ளி வைப்பது, ஊசி போடும் முன்னே ஒன்று, போட்ட பின்னே ஒன்று என்று படம் எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஊசி மட்டும் டாக்டர் போடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மேனேஜரம்மா வந்து சேர்ந்தாள். முன் படத்தில் ஆளை நெற்றி சுருங்க நன்றாக முறைக்கச் சொல்ல வேண்டும், பின் படத்தில் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இதென்ன அநியாயம் என்று சிஸ்டர் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தும் கொடுத்தாள். வேலை முக்கியமில்லையா? அந்தப் படங்கள் ஊரார் போனில் எல்லாம் சுற்றின. இருபது வயது தாண்டாததுகள்கூடக் கூட்டமாக வர ஆரம்பித்தன.

அன்று மத்தியானம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது சிஸ்டரின் சொந்த அக்கா மகள். வயது இருபத்துநாலு, போன் கடையில் விற்பனை வேலை. இரண்டு பஸ் மாறிப் போகிறவள், வண்டி வாங்கச் சேர்த்த காசைக் கையில் வைத்திருந்தாள். வருடத்துக்கு நாலு தடவை போடும் திட்டம். திட்டத் தாளில் கையெழுத்துதான் பாக்கி.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி."

"சொல்லல. உன் நெத்தியில என்னடி குறை?"

"குறை வர்றதுக்கு முன்னாடியே போட்டா வரவே வராதாம்."

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முறை. கோடு விழுதா? இப்ப விடு. எங்க கோடு?"

"இல்ல."

"முறைச்சா எல்லாருக்கும்தான் விழும். விட்ட பிறகும் போகாம நிக்குது பாரு, அப்பதான் இந்த மருந்துக்கு வேலை. போன மாசம் ஒரு டீச்சர் வந்தா, இருபத்தெட்டு வயசு. சும்மா இருக்கும்போதே புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு. அவளுக்குப் போட்டது நியாயம். உனக்கு எதுக்கு?"

"முன்னாடியே போட்டா நல்லதுதானே?"

"மூணு நாலு மாசத்துல தசை பழையபடி அசையும், மறுபடி போடணும். முப்பது வயசுக்குள்ள இருபது தடவை ஆயிடும். கோடே நிக்காத முகத்துல இத்தனை சீக்கிரம் ஆரம்பிச்சா பின்னாடி எவ்வளவு லாபம்னு அடிச்சுச் சொல்ல யார்கிட்டயும் கணக்கு இல்ல. வெயிலுக்கு கிரீம் பூசு, அதுக்காவது சாட்சி இருக்கு."

"நீங்க டாக்டரா? உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு வயித்தெரிச்சல்."

தூக்கி வளர்த்த கைதான். ஓங்கி அறைந்தால் என்ன என்று சிஸ்டருக்குத் தோன்றியது. அதற்குள் அக்கா மகள் போனைத் திறந்து ஒரு படத்தை நீட்டினாள். இடப்பக்கம் நெற்றி முழுக்கச் சுருக்கமாக ஒரு பெண், வலப்பக்கம் வழவழவென்று அதே பெண்.

"என் வயசுதான் இவளுக்கு. ரெண்டே வாரத்துல எப்படி மாறிட்டா பாருங்க. இதைப் பார்த்துத்தான் வந்தேன்."

சிஸ்டர் போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். பின்னால் தெரிந்த நீலத் திரை இந்த அறையின் திரை. அந்தப் பெண்ணிடம் இன்னும் நல்லா முறைம்மா, இன்னும் என்று இரண்டு தடவை சொன்னதும் நினைவில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் மூடினால் வண்டிக்காசு போயிற்று.

"அவளுக்கும் ஒரு கோடும் இல்லடி. முதல் படத்துல முறைக்கச் சொன்னேன், ரெண்டாவதுல சும்மா இருக்கச் சொன்னேன். ஊசி போடாமலே அந்த ரெண்டாவது படத்தை எடுத்திருக்கலாம்."

"சொன்னேன்னா?"

"நான்தான் எடுத்தேன்."

அக்கா மகள் போனைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். திட்டத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அப்பாடா, காசு தப்பித்தது என்று சிஸ்டர் மூச்சு விடுவதற்குள் அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"சொந்தப் பொண்ணுன்னதும் உண்மை வருது. ஊரான் வீட்டுப் பொண்ணுங்க மட்டும் இளிச்சவாயா? இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சிஸ்டரின் நீளமான வாய் அன்றைக்குத்தான் அடைத்துப்போனது.

வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட மேனேஜரம்மா உள்ளே வந்தாள். கூடவே இன்னொரு பெண், இருபத்துமூன்று வயது இருக்கும்.

"இதைப் பத்தி சாயந்திரம் டாக்டர் முன்னாடி பேசிக்கலாம். இப்ப இவங்களுக்கு முன் படம் எடுங்க."

சிஸ்டர் கேமராவைக் கையில் எடுத்தாள். மேனேஜரம்மா நகராமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உக்காரும்மா" என்றாள் சிஸ்டர். "முறைக்காத. முகத்தைச் சும்மா வச்சிக்கோ."