வேண்டுகோளில் நான் எழுதாத வரி

திருத்தணியில் நாங்கள் படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இன்றும் தண்ணீர்க் குழாய் கிடையாது. கழுவுதொட்டி, குழாய், புகையை வெளியேற்றும் விசிறி மூன்றுக்கும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டு, கடைக்காரர் தந்த மதிப்பீட்டோடு முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோள் எழுதியவன் நான்தான். "அமிலம் கொட்டி, கழுவத் தண்ணீரின்றி உதவியாளர் முனுசாமியின் கை வெந்ததே, மறந்துவிட்டோமா?" என்று உருக்கமாகத் தொடங்கியிருந்தேன். நான்கே நாளில் முக்கால்வாசிப் பணம் சேர்ந்துவிட்டது.

மறுவாரம், யாரோ காட்டிய அந்த வேண்டுகோளைப் படித்துவிட்டு முனுசாமியே என்னிடம் வந்து ஐந்நூறு ரூபாயை நீட்டினார்.

"நல்லா எழுதிக்கீறப்பா. வெளாட்டுக்கு ஆசிட் பாட்டில தட்டிவுட்டது நீன்றத மட்டும் வுட்டுட்ட. பரவால்ல, புள்ளைங்களுக்குப் பைப்பு வரட்டும்."

தழும்பேறிய அந்தக் கையிலிருந்து பணத்தை வாங்கி, ரசீதும் எழுதிக் கொடுத்தேன். எழுதிய என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

விட்டுப்போன வரியைக் குழுவில் இன்னும் போடவில்லை. இங்கே எழுதுகிறேன், அதுவும் பெயர் போடாமல்.