ஏரிமேல் போன பென்சில்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பையன்களுக்கு என்னைக் கண்டால் நடுக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் எனக்கு இருந்தது: நான் போட்ட கணக்கு தப்பாகாது என்ற கர்வம். அந்தக் கர்வத்தால் ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் அதை இதுவரை சொன்னதில்லை.

அந்தக் குடும்பத்துக்காரன் என்னோடு ஆறாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கணக்கில் இரண்டு முறை தவறி, படிப்பை விட்டு, பிற்பாடு தபால்காரன் ஆனான். வீடு மந்தைவெளியில். வேலை மாம்பலத்துக்குக் கிழக்கே புதிதாகப் போட்டிருந்த தியாகராய நகரில். அப்போது அங்கே பாதி வீடு, பாதி பொட்டல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து, என்னைக் கிண்டல் செய்து, காபி குடித்துவிட்டுப் போவான். என்னை வார்த்தைக்கு வார்த்தை "வாத்தியாரே" என்று கூப்பிட அவன் ஒருவனுக்குத்தான் தைரியம் இருந்தது.

ஒரு ஞாயிறு கிண்டல் ஒன்றும் இல்லாமல் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு கணக்கு கீது, வாத்தியாரே. போட்டுக் குடுப்பியா?"

"நீ கணக்குன்னு வந்தா உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். அவன் தினமும் தபால் கொடுக்கும் சுற்றில் ஒரு தெரு. அதில் ஒரு வீட்டில் சின்ன வயதிலேயே தாலியறுத்த பெண் ஒருத்தி தகப்பனாரோடு இருந்தாள். தபால்காரன் தினமும் அந்தத் தெருவில் இரண்டு தடவை போகிறான், முதல் தடவை கடிதம் கொடுத்தாகிவிட்டதே, இரண்டாவது தடவை எதற்கு என்று எதிர்வீட்டார் யாரோ தபாலாபீசுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். ஊர் வாய் அதற்குள் மந்தைவெளிவரை போய், அவன் மனைவி காதிலும் விழுந்துவிட்டது.

"எப்படிச் சுத்தினாலும் அந்தத் தெருவுல ரெண்டு வாட்டி நடந்தாத்தான் ஆபீசுக்குத் திரும்ப முடியுது. இன்னாத்துக்கு அப்படி ஆவுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. இன்ஸ்பெக்டர் கணக்குன்னா கட்டுப்படுற மனுசன். நீ சொல்லு, போதும்."

சொல்லி, ஒரு பழுப்புக் கவரின் பின்பக்கத்தில் அவனே பென்சிலால் கிறுக்கிய தெருப்படத்தை நீட்டினான். கோழி கிளறியதுபோல் இருந்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வந்தவன் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான், எனக்கு உற்சாகம்! பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

"கோலத்துல கையை எடுக்காம இழுக்கிறாங்களே, அதுமாதிரிதான். எல்லாக் கோட்டிலேயும் போயாகணும், போன கோட்டிலேயே திரும்பப் போகக் கூடாது, பென்சிலையும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் எத்தனை ரோடு சேருதுன்னு மட்டும் எண்ணு. ஒரு முனைக்குள்ள ஒரு ரோடு வழியா வந்தா, இன்னொரு ரோடு வழியா வெளியே போகணும். ஆக, ரெண்டு ரெண்டாச் செலவாகும். நாலு ரோடு இருந்தா ரெண்டு தடவை வந்து போகலாம். மூணு இருந்தா ஒண்ணு மிஞ்சும். அப்போ அந்த முனையிலதான் கிளம்பணும், இல்லே அங்கேயே முடிக்கணும். நீ தபாலாபீசில் கிளம்பித் தபாலாபீசுக்கே திரும்பணும். அப்போ எல்லா முனையும் இரட்டைப்படையா இருக்கணும். ஒண்ணு ஒற்றைப்படையா இருந்தாலும் ஏதோ ஒரு தெருவை ரெண்டாம் தடவை மிதிச்சே ஆகணும்."

"அப்போ இந்தப் படத்துல எண்ணிப் பாரேன்."

"இதிலா? இதுல எது ரோடு, எது சாக்கடைன்னு பிரம்மாவுக்கே தெரியாது. கார்ப்பரேஷன் அச்சுப்படம் வாங்கி எண்ணுறேன். நீ இன்ஸ்பெக்டரைச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அழைச்சுட்டு வா."

"அச்சு எதுக்கு? நான் தினம் நடக்கிறேனே."

"உன் கால் நடக்கும். கணக்குப் போடாது" என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தான். கவரை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

என் மாணவன் ஒருவனின் தகப்பனார் கார்ப்பரேஷனில் இருந்தார். நகர் அமைப்புப் படத்தை அனுப்பி வைத்தார். நீலத்தாளில் வெள்ளைக் கோடு, முத்திரையோடு. அவன் சுற்றில் மொத்தம் ஏழு முனைகள். ஐந்தில் இரண்டோ நான்கோ ரோடு. சண்டைக்குரிய தெருவின் இரு கோடிகளிலும் இரண்டு முனைகள்: ஒன்றில் புளியமரம், மற்றதில் பொதுக்கிணறு. அந்த இரண்டிலும் நான்கு நான்கு. எல்லாமே இரட்டைப்படை. அதாவது, எந்தத் தெருவையும் இரண்டாம் தடவை மிதிக்காமல் சுற்றித் திரும்ப முடியும்.

கவரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். புளியமரத்து முனையிலிருந்து தெருவின் பின்பக்கமாக வளைந்து கிணற்று முனையைத் தொடும் ரோடு அச்சுப்படத்தில் இருந்தது. அவன் படத்தில் இல்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேண்டுமென்றே விட்டிருப்பானோ என்றும் நினைத்தேன். அந்த ரோட்டை எடுத்துவிட்டால் இரு முனைகளிலும் மும்மூன்றுதான் நிற்கும், வழக்கு அவன் பக்கம் சாயும். என்னை ஏமாற்றப் பார்த்தானோ என்று கோபம் வந்தது. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். குடையை மடித்து வைத்துவிட்டு, "உங்க சிநேகிதரே உங்களைச் சாட்சியா வெச்சிருக்கார். நேரா கேட்கிறேன். அந்தத் தெருவுல ரெண்டாவது தடவை போக வேண்டியது அவசியமா, இல்லையா?" என்றார்.

நான் நீலப்படத்தை விரித்தேன். எண்ணிக் காட்டினேன். அதோடு விட்டேனா? பென்சிலைத் தபாலாபீசில் வைத்து, எடுக்காமல், ஒரே இழுப்பில் எல்லா ரோட்டிலும் ஓட்டித் தபாலாபீசிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். கரும்பலகைக்கு முன்னால்கூட அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

பென்சில் புளியமரத்து முனையைத் தாண்டி வளைந்தபோது அவன், "வாத்தியாரே, அந்த எடத்துல..." என்று ஆரம்பித்தான். வகுப்பில் செய்வதுபோல் கையைத் தூக்கி, "நடுவில் பேசாதே" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். பென்சில் நின்றதும் என் முகத்தைப் பார்த்தான். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அவசியமில்லை" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது, கடப்பைப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்கு. என்னிடம் சொல்லிக்கொள்ளவும் அவன் வரவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான். அந்தப் பெண்ணின் தகப்பனார் வீட்டைக் காலி செய்து அவளை அழைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவன் புறப்படுவதற்கு முதல் நாள் அவன் மனைவி வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் கற்பூர புத்தி. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னா நான் நம்புவேன். அந்தத் தெருவுக்கு ரெண்டாம் வாட்டி போவாம அவரால வேலைய முடிக்க முடியுமா?"

"முடியும், அம்மா" என்றேன்.

அவள் அவனோடு போகவில்லை. மந்தைவெளியிலேயே அண்ணன் வீட்டில் இருந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, என் மகளுக்கு வரன் விஷயமாகத் தியாகராய நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது எதிரில் புளியமரம் தெரிந்தது. படத்தில் அத்தனை தடவை பார்த்த முனை. ரோடுகளை எண்ணினேன். மூன்று. பழக்கத்தில் மறுபடி எண்ணினேன். மூன்றுதான். நான்காவது ரோடு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. எருமைகள் கிடந்தன. கரையில் வரிசையாக அளவுக்கல் நட்டிருந்தது.

எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம், "இங்கே ஒரு ரோடு போகுமே, எங்கே?" என்று கேட்டேன்.

"ரோடா? இன்னா சார் நீ, ஏரியத் தூத்தாத்தானே ரோடு? கல்லு நட்டு அஞ்சு வருசமாவுது. தண்ணி அப்டியே கீது."

பழைய ஏரியைத் தூர்த்து நகர் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சென்னையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். படத்தில் இருந்தது போடப்போகிற ரோடு. நான் பென்சிலை ஏரிமேல் ஓட்டியிருக்கிறேன்.

கிணற்று முனைவரை நடந்தேன். அங்கேயும் மூன்று. இரண்டு ஒற்றைப்படை முனைகள். தபாலாபீசில் கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டியவன், இந்த இரு முனைகளுக்கும் நடுவே ஏதாவது ஒரு வழியை இரண்டாம் தடவை மிதித்தே தீர வேண்டும். இருப்பதில் குட்டையான வழி அந்தத் தெருதான். மற்ற எந்த வழியும் அதைப்போல் இரண்டு மடங்கு. கணக்கில் இரண்டு முறை தவறியவன் காலாலேயே சரியான விடையைக் கண்டுபிடித்திருந்தான். நான் சொன்ன விதியில் தப்பில்லை. எண்ணியதில்தான் தப்பு. வெயிலில் அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் இழுக்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அன்றைக்கே கடப்பைக்குக் கடிதம் எழுதினேன். இன்ஸ்பெக்டருக்கும் எழுதி வைத்துக்கொண்டேன், அவன் பதில் வந்ததும் போடலாம் என்று. மூன்று வாரத்தில் என் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. மேலே சிவப்பு மசியில், விலாசதாரர் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது.

மந்தைவெளிக்கு ஓடினேன். அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நாலு மாதமாகிறது, மலைக்காய்ச்சல், என்றாள். எனக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சட்டைப் பையில் இருந்த சாக்கட்டியால் சிமிண்டுத் தரையில் அந்தச் சுற்றைப் போட்டேன். விதியைச் சொன்னேன். பிறகு ஏரி இருந்த இடத்து ரோட்டைக் கையால் அழித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, புளியமரத்து முனையில் விரல் வைத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினாள். கிணற்று முனையிலும் எண்ணினாள். கொஞ்சம் யோசித்தாள். தபாலாபீசிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு போய், அந்தத் தெருவுக்கு இரண்டாம் தடவை வந்ததும் நிறுத்தினாள். என் மாணவர்களில் பாதிப்பேருக்கு ஒரு வாரம் பிடிக்கும். அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"வேற வழியே இல்ல, இல்லீங்களா அண்ணே?"

"இல்லை, அம்மா. மற்றதெல்லாம் இரண்டு மடங்கு சுற்று. தப்பு என்னுடையது."

அவள் விரலை எடுக்காமலே சொன்னாள்:

"ரெண்டு காகிதம் போட்டிருந்தாரு. அங்க ரோடு இல்ல, ஏரிதான் கீது, நீயே ஒரு நடை போய்ப் பாருன்னு ரெண்டுலயும் அதையேதான் எழுதியிருந்தாரு. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. மாம்பலம் எத்தினி தூரம்? நான் போவல. வாத்தியார் சொல்லிட்டாரேன்னு இருந்துட்டேன்."